விடைத்தாளும் மூன்று துலாக்கோல்களும்
மதிப்பீட்டாளர் வேறுபாட்டை அளந்து அறிக்கையிடும் முறை

கட்டுரை வினா ஒன்றிற்கு மாணவர் ஒருவர் விடை எழுதுகின்றார். ஐம்பதுக்கு முப்பத்திரண்டு என ஒரு மதிப்பீட்டாளர் குறிக்கின்றார். அதே தாள் வேறொருவர் கைக்குச் சென்றிருப்பின் பதினெட்டு என்று குறிக்கப்பட்டிருக்கக் கூடும். தேர்ச்சிக்கு இருபது வேண்டும் எனில், முதலாமவரிடம் அவர் தேறியவர்; இரண்டாமவரிடம் தவறியவர். எழுதிய கை ஒன்றே, விடையும் ஒன்றே. மாறியது திருத்திய கை மட்டுமே.

இது இன்று நேற்றுத் தோன்றிய ஐயம் அன்று. எஃப். ஒய். எட்ஜ்வொர்த் என்னும் புள்ளியியலறிஞர் 1888ஆம் ஆண்டிலேயே தேர்வு மதிப்பெண்களில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று ஆராய்ந்து எழுதினார். 1935இல் இங்கிலாந்தில் பிலிப் ஹார்ட்டாக், இ. சி. ரோட்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் திடுக்கிட வைப்பது. பதினைந்து வரலாற்று விடைத்தாள்களைப் பதினான்கு மதிப்பீட்டாளர்கள் திருத்தினர். ஓராண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அதே தாள்களை அவர்களே மீண்டும் திருத்தினர். ஆக மொத்தம் 210 முடிவுகள். அவற்றுள் 92இல் ஒரே மதிப்பீட்டாளரின் முந்தைய முடிவும் பிந்தைய முடிவும் வேறுபட்டன!

வேறுபாடு உண்டு என்பது இவ்வாறு ஐயமற நிறுவப்பட்டது. ஆனால் அவ்வேறுபாடு எங்கிருந்து எவ்வளவு வருகின்றது என்று பிரித்துக் காட்டினால்தான் அதனைக் குறைக்கும் வழி புலப்படும். அதற்கு உதவுவதே பொதுமையாக்கக் கோட்பாடு. லீ கிரான்பாக், நாகேஸ்வரி இராசரத்தினம், கோல்டின் கிளெசர் ஆகியோர் 1963இல் கட்டுரை வடிவில் அதனை முன்வைத்தனர். 1972இல் ஹரிந்தர் நந்தாவும் இணைய, அது விரிவான நூலாக வெளிவந்தது. மாணவர், மதிப்பீட்டாளர், இவ்விருவரின் இடைவினை என்னும் மூன்றையும் அம்முறை எவ்வாறு பிரித்துக் காட்டுகின்றது என்பதை ஒரு சிறு கணக்கின் வழியே காண்போம்.

ஆய்வின் அமைப்பு

ஐந்து மாணவர்கள் ஒரே தலைப்பில் எழுதிய கட்டுரைகளை மூன்று மதிப்பீட்டாளர்கள் திருத்துகின்றனர் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் ஐந்து தாள்களையும் திருத்துகின்றனர். ஒருவர் இட்ட மதிப்பெண்ணை மற்றவர் பார்ப்பதில்லை. உச்ச மதிப்பெண் 50. தேர்ச்சி எல்லை 20. கீழே உள்ள எண்கள் வழிமுறையை விளக்குவதற்காக நாமே அமைத்துக்கொண்டவை. எந்தத் தேர்விலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. கணக்கு எளிதில் முடியும்படி அமைந்திருப்பதால் வாசகர் தாமே தாளும் எழுதுகோலும் கொண்டு சரிபார்க்கலாம்.

| மாணவர் | முதலாம் மதிப்பீட்டாளர் | இரண்டாமவர் | மூன்றாமவர் | சராசரி |
|---|---|---|---|---|
| அ | 33 | 35 | 28 | 32 |
| ஆ | 30 | 25 | 29 | 28 |
| இ | 32 | 22 | 18 | 24 |
| ஈ | 25 | 15 | 20 | 20 |
| உ | 20 | 18 | 10 | 16 |
| சராசரி | 28 | 23 | 21 | 24 |

முதலாமவர் கைக்குத் தாள்கள் போயிருப்பின் ஐவரும் தேறியிருப்பர். இரண்டாமவரிடம் அ, ஆ, இ ஆகிய மூவர் தேறுவர். மூன்றாமவரிடமும் மூவரே தேறுவர். ஆனால் அம்மூவர் அ, ஆ, ஈ ஆவர். இரண்டாமவர் தேற்றிய ‘இ’யை மூன்றாமவர் தவறச் செய்கின்றார், இரண்டாமவர் தவறச் செய்த ‘ஈ’யை மூன்றாமவர் தேற்றுகின்றார். தேர்ச்சி எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவோர்க்கு இவ்விருவரும் ஒத்த கருத்தினராகவே தோன்றுவர்.

வேறுபாட்டின் மூன்று ஊற்றுகள்

இப்பதினைந்து எண்களும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்குக் காரணங்கள் மூன்று.

முதற்காரணம், மாணவர்தம் திறன் வேறுபாடு. ‘அ’ 32உம் ‘உ’ 16உம் சராசரியாகப் பெறுகின்றனர். இவ்வேறுபாட்டை அறியவே தேர்வு நடத்துகின்றோம். இது குறையன்று, பயன்.

இரண்டாவது, மதிப்பீட்டாளரின் பொதுவான தாராளமும் கண்டிப்பும். மொத்தச் சராசரி 24. முதலாமவர் எல்லார்க்கும் சராசரியாக 4 கூட்டி இடுகின்றார். இரண்டாமவர் 1 குறைக்கின்றார். மூன்றாமவர் 3 குறைக்கின்றார்.

மூன்றாவதே நுட்பமானது. மாணவர் ‘இ’யின் சராசரி 24. மூன்றாமவரின் கண்டிப்பு 3. ஆகவே ‘இ’க்கு அவர் 21 இடுவார் என எதிர்பார்க்கலாம். அவர் இட்டதோ 18. எதிர்பார்த்ததினும் 3 குறைவு. மாணவர் ‘ஈ’க்கு அவரிடம் எதிர்பார்க்கத்தக்கது 17, அவர் இட்டதோ 20. எதிர்பார்த்ததினும் 3 மிகுதி. இதனைக் கண்டிப்பு என்று சொல்ல இயலாது. கண்டிப்பானவர் எல்லாரிடத்தும் கண்டிப்பாகவே இருப்பார். இக்குறிப்பிட்ட மதிப்பீட்டாளர்க்கு இக்குறிப்பிட்ட தாளின்பால் எழுந்த தனி ஈர்ப்பு அல்லது வெறுப்பு இது. ஒருவர் நடையழகில் மனம் தோய்வார். மற்றொருவர் கருத்தடுக்கையே நோக்குவார். வேறொருவர் சந்திப்பிழை கண்டால் பொறுக்கமாட்டார். இதனையே இடைவினை என்கின்றோம்.

கணக்கிடும் முறை

இம்மூன்றையும் எண்ணால் அளப்பதற்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு துணைபுரிகின்றது.

மாணவர் சராசரிகள் மொத்தச் சராசரியிலிருந்து முறையே 8, 4, 0, −4, −8 என விலகுகின்றன. இவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 160. ஒவ்வொரு சராசரியும் மூன்று மதிப்பெண்களால் ஆனது. ஆதலின் மூன்றால் பெருக்க 480. ஐந்து மாணவர்க்கு உரிய வகுஎண், ஐந்தில் ஒன்று குறைய 4. எனவே மாணவர்க்குரிய சராசரி வர்க்கம் 120.

மதிப்பீட்டாளர் விலகல்கள் 4, −1, −3. வர்க்கக் கூடுதல் 26, ஐந்து மாணவர்க்காக ஐந்தால் பெருக்க 130, வகுஎண் 2. சராசரி வர்க்கம் 65.

மேலே ‘இ’, ‘ஈ’ ஆகியோர்க்குக் கண்டதுபோல் பதினைந்து கட்டங்களுக்கும் எதிர்பார்த்ததற்கும் இட்டதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, வர்க்கித்துக் கூட்டினால் 120 வரும். இதன் வகுஎண் 4ஐ 2ஆல் பெருக்கக் கிடைக்கும் 8. சராசரி வர்க்கம் 15.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். இச்சராசரி வர்க்கங்களே நாம் தேடும் விடையல்ல. மாணவர்க்குரிய 120 என்பதனுள் இடைவினையின் 15உம் கலந்துள்ளது. அதனை நீக்கி, மதிப்பீட்டாளர் எண்ணிக்கையால் வகுத்தால்தான் மாணவர் மாறுபாட்டுக் கூறு கிடைக்கும்: (120 − 15) ÷ 3 = 35. அவ்வாறே மதிப்பீட்டாளர் கூறு: (65 − 15) ÷ 5 = 10. இடைவினைக் கூறு 15ஆகவே நிற்கும். மூன்றும் சேர்ந்து 60.

ஆக, தனியொருவர் இடும் மதிப்பெண்ணில் காணும் மாறுபாட்டில் நூற்றுக்கு 58 பங்கு மாணவர் திறனால் வருவது. 17 பங்கு மதிப்பீட்டாளரின் கண்டிப்பாலும் தாராளத்தாலும் வருவது. 25 பங்கு இடைவினையால் வருவது. பலரும் ஐயுறும் கண்டிப்பைக் காட்டிலும் எவரும் ஐயுறாத இடைவினையே இங்குப் பெரிது.

கூட்டிக் கொடுத்தால் தீருமா?

கண்டிப்பான மதிப்பீட்டாளரின் கட்டுக்குச் சில மதிப்பெண் கூட்டியும், தாராளமானவரின் கட்டில் சில குறைத்தும் சமன்செய்வது நெடுநாளைய வழக்கம். நம் கணக்கில் அதனைச் செய்து பார்ப்போம். முதலாமவர் இட்டவற்றில் 4 குறைத்து, இரண்டாமவர்க்கு 1உம் மூன்றாமவர்க்கு 3உம் கூட்டினால் மூவரின் சராசரியும் 24 ஆகிவிடும்.

இப்போது ‘இ’யின் மதிப்பெண்கள் 28, 23, 21. எவர் திருத்தினாலும் அவர் தேறிவிடுவார். சமன்செய்தலால் அவருக்கு நீதி கிடைத்தது. ‘உ’வின் மதிப்பெண்கள் 16, 19, 13. முன்னர் முதலாமவரிடம் எல்லையைத் தொட்டுத் தேறியவர் இப்போது எவரிடத்தும் தேறார். ஆனால் ‘ஈ’யின் நிலை என்ன? 21, 16, 23. முதலாமவரிடமும் மூன்றாமவரிடமும் தேர்ச்சி; இரண்டாமவரிடம் தோல்வி. சமன்செய்த பின்னரும் அவருடைய முடிவு கட்டு எவர் கைக்குச் சென்றது என்பதைப் பொறுத்தே நிற்கின்றது.

ஏன்? சமன்செய்தல் மதிப்பீட்டாளர் கூறாகிய 10ஐ மட்டுமே நீக்க வல்லது. இடைவினையாகிய 15ஐ அது தொடுவதே இல்லை. ஒரு கட்டு முழுமைக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவதால், ஒரு தாளிடம் மட்டும் எழுந்த சார்பு எவ்வாறு அகலும்? அதனைக் குறைக்கும் வழி, ஒரே தாளை ஒருவர்க்கு மேற்பட்டோர் தனித்தனியே திருத்துவது ஒன்றே.

இரண்டு வினாக்கள், இரண்டு கெழுக்கள்

நம்பகத்தன்மை எவ்வளவு என்று கேட்குமுன், எதற்காக அம்மதிப்பெண்ணைப் பயன்படுத்தப் போகின்றோம் என்று கேட்க வேண்டும்.

பரிசுக்குரிய முதல்வரைத் தேர்ந்தெடுப்பதே நோக்கமெனில், மாணவர்தம் வரிசை போதும். எல்லாத் தாள்களையும் ஒருவரே திருத்தும்போது அவர் கண்டிப்பானவராயினும் அக்கண்டிப்பு அனைவரையும் ஒருங்கே இறக்கும், வரிசை கெடாது. இங்கே பிழையாவது இடைவினை மட்டுமே. எனவே கெழு 35 ÷ (35 + 15) = 0.70.

தேர்ச்சி எல்லையைத் தொட்டாரா என்று அறிவதே நோக்கமெனில், கண்டிப்பும் பிழையே. அப்போது கெழு 35 ÷ (35 + 10 + 15) = 0.58. இதன் பிழைமாறுபாடு 25, வர்க்கமூலம் 5. அதாவது தனியொருவர் இடும் மதிப்பெண்ணின் திட்டப்பிழை ஐம்பதுக்கு ஐந்து. ஒருவர் மட்டும் திருத்திய தாளில் 18 அல்லது 22 என்று இருப்பின், அதனைக் கொண்டு தேர்ச்சியையோ தோல்வியையோ உறுதியாகச் சொல்வதற்கில்லை.

கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் வெவ்வேறு மதிப்பீட்டாளரிடம் தரும் பெருந்தேர்வுகளில் இன்னொரு சிக்கல் எழும். அங்கே ‘அ’ தாராளமானவரிடமும் ‘ஆ’ கண்டிப்பானவரிடமும் அகப்படலாம். ஆதலின் சமன்செய்யாத வரையில், வரிசைப்படுத்தும் பொழுதும் கண்டிப்பு பிழையாகவே கலக்கும். ஒருவரே அனைத்தையும் திருத்திய ஆய்வில் கிடைத்த 0.70ஐ அத்தேர்வுக்குப் பொருத்திக் காட்டுவது தவறு.

இரு மதிப்பீட்டாளர்களின் மதிப்பெண்களுக்கிடையே ஒட்டுறவுக் கெழு கண்டு, அது உயர்ந்திருந்தால் மனநிறைவு கொள்வதும் உண்டு. நம் கணக்கில் முதலாமவர்க்கும் மூன்றாமவர்க்கும் ஒட்டுறவு 0.77. ஆயினும் இருவர்தம் சராசரிகளுக்கிடையே 7 மதிப்பெண் இடைவெளி உள்ளது. அந்த இடைவெளி எழுபதே ஆயினும் ஒட்டுறவு மாறாது. ஏனெனில் அக்கெழு சராசரி வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதே இல்லை. தேர்ச்சியை முடிவுசெய்யும் தேர்வில் ஒட்டுறவை மட்டும் சான்றாகக் காட்டுவது போதாது.

எத்தனைபேர் திருத்த வேண்டும்?

கூறுகளைப் பிரித்தறிந்ததன் பெரும்பயன் இங்கேதான் தெரியும். ஒரு தாளைப் பலர் திருத்திச் சராசரி எடுத்தால், மதிப்பீட்டாளர் கூறும் இடைவினைக் கூறும் அவர்தம் எண்ணிக்கையால் வகுபடும். மாணவர் கூறு குறையாது.

| திருத்துவோர் | வரிசைக்குரிய கெழு | தேர்ச்சிக்குரிய கெழு | திட்டப்பிழை |
|---|---|---|---|
| 1 | 0.70 | 0.58 | 5.0 |
| 2 | 0.82 | 0.74 | 3.5 |
| 3 | 0.88 | 0.81 | 2.9 |
| 4 | 0.90 | 0.85 | 2.5 |

முதல்வரோடு இரண்டாமவரைச் சேர்க்கும்போது கிடைக்கும் ஆதாயம் பெரிது. மூன்றாமவரோடு நான்காமவரைச் சேர்ப்பதால் வருவது சிறிது. திட்டப்பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு வேண்டும் என்பதையும் இப்பட்டியல் காட்டுகின்றது. எல்லாத் தாள்களையும் நால்வர் திருத்துவதற்கு நேரமும் பொருளும் இடந்தரா. ஆகவே எல்லைக்கு இருபுறமும் அண்மையில் நிற்கும் தாள்களை மட்டும் மற்றொருவர் தனியே திருத்துமாறு செய்வது அறிவுடைமை. ஆயினும் ‘ஈ’யைப் போலச் சராசரியே எல்லைக்கோட்டில் நிற்கும் ஒருவரை, எத்துணைப் பேர் திருத்தினாலும் ஐயமறத் தீர்ப்பளித்துவிட இயலாது. அங்கே முடிவெடுக்க வேண்டியது நிறுவனத்தின் விதி, புள்ளியியல் அன்று.

அறிக்கையில் மறைக்கத் தகாதவை

இத்தகைய ஆய்வை எழுதுவோர் கெழு ஒன்றை மட்டும் தந்து அமைதல் ஆகாது. எத்தனை மாணவர், எத்தனை மதிப்பீட்டாளர், எல்லாரும் எல்லாவற்றையும் திருத்தினரா, அவர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பவற்றை முதலில் கூற வேண்டும். பின் மூன்று கூறுகளையும் அவற்றின் விழுக்காட்டையும் தந்து, எந்த முடிவுக்காக எந்தக் கெழு என்று தெளிவாக்க வேண்டும். அவற்றோடு நான்கு எல்லைகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்று: மதிப்பீட்டாளர் மூவரே எனில், மதிப்பீட்டாளர் கூறு உறுதியற்றது. வேறு மூவரை அழைத்திருந்தால் 10 என்பது 2 ஆகவோ 30 ஆகவோ மாறியிருக்கலாம். நம் சிறுகணக்கு வழிகாட்டுமே ஒழிய, இத்துணைச் சிறிய ஆய்வைக் கொண்டு தேர்வுமுறையை மாற்றலாகாது. சிற்றாய்வுகளில் ஒரு கூறு எதிர்மறை எண்ணாகவும் வருவதுண்டு. மாறுபாடு எதிர்மறையாக இருத்தல் இயலாது. அதனைச் சுழியமாகக் கொண்டு, அவ்வாறு கொண்டதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

இரண்டு: நாம் இடைவினை என்றழைத்த 15இல் தூய இடைவினை மட்டுமன்றி அயர்வு, கவனக்குறைவு, அன்றைய மனநிலை ஆகியவையும் கலந்துள்ளன. ஒவ்வொருவரும் ஒரு தாளை ஒருமுறையே திருத்தியதால் அவற்றைப் பிரிக்க இயலாது. பிரிக்க வேண்டின், ஹார்ட்டாக்கும் ரோட்ஸும் செய்ததுபோல் காலம் கடந்து அவர்களையே மீண்டும் திருத்தச் செய்ய வேண்டும்.

மூன்று: தலைப்பு ஒன்றே. வேறு தலைப்பில் ‘ஆ’ சிறந்தும் ‘அ’ தாழ்ந்தும் எழுதியிருக்கலாம். மாணவர் கூறாகிய 35இல் அத்தலைப்பு அவருக்கு வாய்த்த நல்வாய்ப்பும் ஒளிந்துள்ளது. ஆகவே உண்மைக் கெழு நாம் கண்டதினும் தாழ்ந்தே இருக்கும்.

நான்கு: மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே திருத்தினர் என்பதே இக்கணக்கின் அடித்தளம். முன்னவர் இட்ட மதிப்பெண் தாளிலேயே சிவப்பு மையில் தெரியுமாயின், பின்னவர் அதனை ஒட்டியே இடுவார். இடைவினை பொய்யாகச் சுருங்கும். கெழு பொய்யாக உயரும். இருவர் மதிப்பெண்களும் தாள்தோறும் ஒன்றிரண்டுக்குள் அடங்கி, அதே தாள்களை எண்ணை மறைத்துக் கொடுக்கும்போது இடைவெளி விரியுமானால், நாம் முன்பு கண்டது உடன்பாடன்று, பின்பற்றல் என்று அறியலாம்.

இக்கணக்கு எந்த மதிப்பீட்டாளரையும் குற்றவாளியாக்கவில்லை. கண்டிப்பானவரும் தாராளமானவரும் தத்தம் அளவில் நேர்மையாகவே திருத்தியிருக்கக் கூடும். ஆயினும் நேர்மையான மூவர் கையில் மாணவர் ‘ஈ’ மூன்று முடிவுகளில் இரண்டில் தேறி ஒன்றில் தவறினார். அந்த ஒன்றுதான் அவருடைய மதிப்பெண் சான்றிதழில் ஏறியிருந்தால், அவர் இழப்பது ஓராண்டு. திருத்தும் பொறுப்பேற்கும் ஆசிரியர், எல்லைக்கு அருகில் நிற்கும் தாளைத் தம் எண்ணை மறைத்து மற்றொருவரிடம் தருவாராயின், அந்த ஓராண்டைக் காக்கும் வாய்ப்பேனும் உண்டு.